18 லட்சம் எப்படி 29.1 லட்சம் ஆனது: விலகும் கூட்டாளிக்கு ஒரு கணக்காளரின் கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இருப்புநிலைக் குறிப்பில் உங்கள் மூலதனம் 18 லட்சம் என்று இருக்கிறது, நான் அனுப்பிய கணக்கிலோ உங்களுக்குச் சேர வேண்டியது 29.1 லட்சம் என்று இருக்கிறது, எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். அதோடு, தொழிலின் பெயருக்குப் போடும் விலையான குட்வில்லில் உங்கள் பங்கு 15.8 லட்சம் வர வேண்டும் என்று நீங்கள் போட்டுப் பார்த்ததாகவும், நான் 8.1 மட்டுமே காட்டியிருப்பதாகவும் சொன்னீர்கள். நியாயமான கேள்விகள். தொலைபேசியில் எண்களைச் சொன்னால் ஒன்று காதில் விழுவதற்குள் அடுத்தது வந்துவிடும் என்பதால் எழுதியே அனுப்புகிறேன். பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு நீங்களும் போட்டுப் பார்த்தபடியே படியுங்கள். தொகைகள் எல்லாவற்றையும் லட்சத்திலேயே எழுதுகிறேன்.

முதலில் இருப்புநிலைக் குறிப்பு. நீங்கள் விலகும் நாளும் கணக்கு ஆண்டு முடியும் நாளும் ஒன்றாக அமைந்தது நல்லதாயிற்று. இடையில் ஏதோ ஒரு மாதத்தில் விலகியிருந்தால், அதுவரையிலான லாபத்தைத் தனியே கணித்து உங்கள் பங்கைச் சேர்க்க வேண்டியிருக்கும். இந்த ஆண்டின் லாபம், நீங்கள் எடுத்துக்கொண்ட பணம் எல்லாம் ஏற்கெனவே 18-க்குள் அடங்கிவிட்டன.

அந்த நாளில் நிறுவனத்தின் நிலை இது. கட்டடம் 28, இயந்திரங்கள் 15, சரக்கு 14, வர வேண்டிய கடன் 12, வங்கியில் 7, பழைய குட்வில் 5. மொத்தம் 81. மறுபக்கத்தில் கொடுக்க வேண்டிய கடன் 14, பொதுக் காப்பு 7, மூன்று பேரின் மூலதனம் 60. அந்த 60-இல் மூத்த கூட்டாளிக்கு 30, உங்களுக்கு 18, இளைய கூட்டாளிக்கு 12. லாபத்தை நீங்கள் மூவரும் 5:3:2 என்ற விகிதத்தில் பிரித்து வந்திருக்கிறீர்கள். ஆகவே உங்கள் பங்கு பத்தில் மூன்று. இந்தக் கடிதத்தில் அடிக்கடி வரப்போகும் எண் அதுதான்.

18 என்பது தவறான எண் இல்லை. நீங்கள் போட்ட பணமும், பல ஆண்டுகளாக எடுக்காமல் விட்ட லாபமும் சேர்ந்த தொகை அது. ஆனால் தொழில் தொடர்ந்து நடக்கும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட புத்தகத்தில் உள்ள தொகை. கட்டடத்தின் பெயரில் இருக்கும் 28 என்பது அதை வாங்கிய விலையிலிருந்து ஆண்டுதோறும் தேய்மானம் கழித்தது போக மிஞ்சியது. இன்றைக்கு அதன் விலை என்ன என்று புத்தகம் கேட்பதே இல்லை. மூவரும் ஒன்றாக இருக்கும்வரை அதனால் யாருக்கும் நட்டம் இல்லை, ஏனென்றால் கட்டடம் என்றைக்கு விற்கப்பட்டாலும் வரும் லாபத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு. இன்று விலகினால் அந்தப் பங்கு போய்விடும். நாளைக்கு அவர்கள் கட்டடத்தை விற்றால் முழு லாபமும் அவர்களுக்கு. அதனால்தான் ஒருவர் விலகும் நாளில் சொத்துகளையும் கடன்களையும் அன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, வந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் பழைய விகிதத்திலேயே மூவருக்கும் பிரிக்கிறோம். இதற்குத்தான் மறுமதிப்பீட்டுக் கணக்கு.

மதிப்பீட்டாளர் கட்டடத்துக்கு 41 போட்டிருக்கிறார். 13 ஏற்றம். மற்றவை எல்லாம் இறக்கம்தான்: இயந்திரங்கள் இன்றைய நிலையில் 13 தான் பெறும் என்பதால் 2 குறைகிறது, சரக்கில் விற்க முடியாமல் கிடப்பது 1, வர வேண்டிய கடனில் வராது என்று தோன்றுவதற்கு ஒதுக்கீடு 1, புத்தகத்தில் ஏறாமல் போன ஒரு பழுதுபார்ப்புச் செலவு, கொடுக்க வேண்டியது 1. ஆக 13-இலிருந்து 5 போனால் நிகர ஏற்றம் 8. அதில் பத்தில் மூன்று, 2.4 உங்களுக்கு.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. மறுமதிப்பீட்டில் ஏறும் சொத்தை மட்டும் பார்த்துவிட்டு இறங்குவதை விட்டுவிடுவதும் நடக்கும், அதற்கு நேர்மாறாக நடப்பதும் உண்டு. விலகுபவர் கட்டடத்தைப் பற்றியே பேசுவார், தங்குபவர்கள் வராக்கடனைப் பற்றியே பேசுவார்கள். எல்லாச் சொத்தும், எல்லாக் கடனும் ஒரே நாளில் ஒரே அளவுகோலில் மதிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. வராக்கடன் ஒதுக்கீட்டுக்கு எந்தெந்த வாடிக்கையாளரின் நிலுவை காரணம் என்ற பட்டியலை நான் இணைத்திருக்கிறேன். அவர்களை உங்களுக்கு நேரடியாகத் தெரியும். ‘இவர் கட்டாயம் கொடுத்துவிடுவார்’ என்று யாரைப் பற்றியாவது நீங்கள் உறுதியாகச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள், பேசலாம்.

அடுத்தது பொதுக் காப்பு 7. இது உங்கள் மூவரின் லாபம்தான். பிரித்து எடுக்காமல் ஒதுக்கி வைத்தது, அவ்வளவே. அதில் பத்தில் மூன்று, 2.1 உங்களுடையது.

பழைய குட்வில் 5 என்பது பல ஆண்டுகளுக்கு முன் இன்னொரு தொழிலை வாங்கியபோது புத்தகத்தில் எழுதியது. இன்றைய குட்வில்லை நாம் புதிதாக மதிப்பிடப்போகிறோம். அந்த மதிப்புக்குள் பழையதும் அடக்கம். இரண்டையும் வைத்துக்கொண்டால் ஒரே பொருளை இரண்டு தடவை எண்ணியதாகிவிடும். அதனால் பழையதை மூவரின் கணக்கிலும் 5:3:2 விகிதத்தில் கழித்து முதலில் நீக்கிவிடுகிறோம். உங்கள் பங்குக்கு 1.5 குறைகிறது. இதைப் பார்த்ததும் மனம் சுருங்கும், தெரியும். அடுத்த படியில் முழு குட்வில்லும் கணக்குக்கு வரும்போது அது சரியாகிவிடும்.

ஆக, குட்வில்லுக்கு முன்பு உங்கள் கணக்கு இப்படி நிற்கிறது: 18, அதோடு 2.1, அதோடு 2.4, கழித்தல் 1.5. மொத்தம் 21. இதே மாதிரி மூத்த கூட்டாளிக்கு 35, இளையவருக்கு 14. மூன்றையும் கூட்டினால் 70. இந்த 70-ஐ ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு இடங்களில் தேவைப்படும். வேறு வழியிலும் இதைச் சரிபார்க்கலாம்: புதிய மதிப்பில் சொத்துகள் 41, 13, 13, 11, 7 என்று 85. கடன்கள் 14-உம் புதிதாக வந்த 1-உம் சேர்ந்து 15. மீதி 70.

இப்போது குட்வில்.

தொழிலின் சொத்துகளையெல்லாம் ஒவ்வொன்றாக விற்றால் கிடைப்பதைவிட, ஓடிக்கொண்டிருக்கும் தொழிலாக விற்றால் கூடுதலாக ஏதோ கிடைக்கிறது. பழகிய வாடிக்கையாளர்கள் பழைய இடத்துக்கே திரும்பி வருவார்கள் என்ற வாய்ப்புதான் அது என்று இங்கிலாந்து நீதிபதி எல்டன் பிரபு 1810-இல் ஒரு வழக்கில் சொன்னார். அந்த வாடிக்கையாளர்களைச் சேர்த்ததில் உங்கள் உழைப்பும் இருக்கிறது. ஆனால் இனி அவர்கள் கொண்டுவரும் லாபத்தை நீங்கள் பார்க்கப்போவதில்லை. நீங்கள் விட்டுவிட்டுப் போகும் அந்த வருங்கால லாபத்துக்கான விலையைத்தான் குட்வில் பங்கு என்கிறோம்.

அதை எப்படி அளப்பது? நீங்கள் செய்தது இது: கடந்த மூன்று ஆண்டு லாபம் 22, 26, 31. சராசரி 26.33. அதை இரண்டால் பெருக்கி, பத்தில் மூன்றை எடுத்தீர்கள். 15.8 வந்தது. இது சராசரி லாப முறை. கணக்குப் புத்தகங்களில் இருக்கும் முறைதான், சில நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் இதுவே எழுதப்பட்டிருக்கும். ஆனால் உங்கள் மூவரின் கூட்டாண்மை ஒப்பந்தம் வேறு முறையைச் சொல்கிறது: மூன்று ஆண்டுச் சராசரியில் கிடைக்கும் உயர் லாபத்தைப்போல மூன்று மடங்கு. கூட்டாளிகளின் உழைப்புக்கு ஆளுக்கு 3, நியாயமான வருமான வீதம் 10 சதவீதம் என்பதும் அதில் எழுதியிருக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதியது இருக்கும்போது, எது எனக்குப் பிடித்த முறை என்பதற்கு இடமில்லை. இருந்தாலும், உங்கள் ஒப்பந்தத்தின் முறையே நியாயமானது என்றும் நான் கருதுகிறேன். காரணத்தைச் சொல்கிறேன்.

முதல் திருத்தம், மூன்றாம் ஆண்டின் 31. அதில் 4, உபயோகத்தில் இல்லாத நிலத்தை விற்றதில் வந்தது. அதே நிலத்தை அடுத்த ஆண்டும் விற்க முடியாது. வருங்காலத்தில் திரும்ப வராத லாபத்துக்கு யாரும் விலை கொடுக்க மாட்டார்கள் என்பதால் அதை எடுத்துவிட்டால் 27. இப்போது 22, 26, 27, சராசரி 25. இதேபோல் ஒரு தீ விபத்தால் ஏதாவது ஓர் ஆண்டில் நட்டம் வந்திருந்தால் அதைத் திரும்பச் சேர்த்திருப்பேன். திருத்தம் இரண்டு பக்கமும் போக வேண்டும்.

இரண்டாவது, உங்கள் உழைப்பு. மூவரும் முழுநேரமும் வேலை செய்தீர்கள், ஆனால் சம்பளம் என்று எதுவும் எழுதவில்லை. நீங்கள் போன பிறகு உங்கள் வேலையைச் செய்ய யாரையாவது வைத்தால் சம்பளம் கொடுக்கத்தான் வேண்டும். அப்படியானால் 25-இல் ஒரு பகுதி தொழில் தானாக ஈட்டியது இல்லை, உங்கள் மூவரின் கூலி. ஆளுக்கு 3 வீதம் 9 கழித்தால் 16.

மூன்றாவதுதான் பலரும் தவறவிடுவது. அந்த 16-ஐ ஈட்டுவதற்குத் தொழிலில் 70 லட்சம் முடங்கிக் கிடக்கிறது. இதே அளவு ஆபத்துள்ள வேறு தொழிலில் போட்டிருந்தாலும் அந்தப் பணம் ஏதோ வருமானம் கொடுத்திருக்கும். 10 சதவீத வீதத்தில் 70-க்கு 7. இந்த 7 பணத்தின் வருமானம், தொழிலின் பெயருக்கு வந்தது இல்லை. மேலும், இந்தப் பணத்தில் உங்கள் பங்கான 21-ஐ நீங்கள் கையோடு எடுத்துக்கொண்டு போகிறீர்கள். அது இனி வேறு இடத்தில் உங்களுக்குச் சம்பாதித்துக் கொடுக்கும். மூலதனத்தையும் வாங்கிக்கொண்டு, அந்த மூலதனம் ஈட்டும் வருமானத்துக்கும் குட்வில்லில் விலை கேட்டால், ஒரே பணத்துக்கு இரண்டு முறை கேட்பதாகிவிடும். உங்கள் 15.8-க்குள் இருந்தது இந்தக் கலப்புதான்: நிலம் விற்ற லாபம், மூவரின் கூலி, மூலதனத்தின் வருமானம் எல்லாம் குட்வில்லோடு சேர்ந்து வந்துவிட்டன.

16-இல் 7 போனால் 9. இதுதான் உயர் லாபம், அதாவது பணத்துக்கும் உழைப்புக்கும் கொடுத்த பிறகு தொழிலின் பெயர் மட்டுமே ஈட்டிய தொகை. ஒப்பந்தப்படி மூன்று மடங்கு: 27. உங்கள் பத்தில் மூன்று: 8.1.

ஏன் மூன்று மடங்கு, ஏன் பத்து இல்லை என்று கேட்கலாம். பழைய கூட்டாளிகள் சேர்த்துவைத்த பெயர் எத்தனை ஆண்டுகள் தொடர்ந்து பலன் தரும் என்பதற்கான கணிப்பு அது. நீங்கள் போன பிறகு தங்குபவர்கள் தங்கள் உழைப்பால் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பார்கள், சில ஆண்டுகளில் வரும் பலன் முழுக்க அவர்களுடையதாகிவிடும். ஒருவரின் தனிப்பட்ட திறமையையே நம்பி வாடிக்கையாளர்கள் வரும் தொழிலில் இந்த மடங்கு குறைவாக இருப்பது இயல்பு, ஏனென்றால் அவர் போனால் அவர்களும் போவார்கள். இடமும் பெயரும் சேர்ந்து நிற்கும் தொழிலில் கூடுதலாக இருக்கும். மூன்று என்பதை நீங்கள் மூவரும் விலகும் எண்ணம் யாருக்கும் இல்லாத காலத்தில் ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டீர்கள். யார் பக்கமும் சாயாமல் ஒரு எண்ணைத் தேர்ந்தெடுக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

கட்டடத்தின் மதிப்பு 41 போதாது, 51 போட வேண்டும் என்று நீங்கள் போன வாரம் சொன்னதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். 10 கூட்டினால் மறுமதிப்பீட்டில் உங்களுக்கு 3 கூடும், உண்மைதான். ஆனால் தொழிலில் முடங்கிய பணம் 80 ஆகிவிடும், நியாயமான வருமானம் 8 ஆகும், உயர் லாபம் 8 ஆகக் குறையும், குட்வில் 24 ஆகும், உங்கள் பங்கு 7.2 ஆகும். ஒரு கையில் 3 வந்து மறு கையில் 0.9 போகிறது. மீதம் 2.1. மூலதனமும் குட்வில்லும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை என்பதை இது காட்டுகிறது. மதிப்பீட்டாளரின் அறிக்கையில் எந்தக் குறிப்பான பிழையாவது உங்கள் கண்ணில் பட்டால் மாற்றச் சொல்வோம். அப்படி இல்லாமல் எண்ணை மட்டும் உயர்த்துவதால் கிடைப்பது நீங்கள் நினைத்ததைவிடக் குறைவு.

சரி, இந்த 8.1-ஐ யார் கொடுப்பது? இதில்தான் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நிறுவனம் கொடுக்கட்டும், செலவாக எழுதிவிடலாம் என்று முதலில் ஒரு யோசனை வந்தது. நான் ஒப்பவில்லை. விலகும் நாளில் 8.1-ஐச் செலவு என்று எழுதினால் அது மூவரின் தலையிலும் 5:3:2 விகிதத்தில் விழும். உங்கள் பங்குக்கு 2.43 விழும். உங்கள் குட்வில்லுக்கு நீங்களே பணம் கொடுத்ததாகி, கையில் 5.67 தான் நிற்கும். கடைசி ஆண்டின் லாப நட்டக் கணக்கில் ‘கூட்டாளிக்குக் கொடுத்த குட்வில்’ என்று ஒரு வரி இருந்தால், இந்தத் தவறு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

நீங்கள் விட்டுப்போகும் லாபப் பங்கு காற்றில் கரைந்துவிடாது, அது மற்ற இருவருக்கும் போகிறது. யாருக்கு எவ்வளவு போகிறதோ அவர் அந்த அளவுக்கு விலை கொடுக்க வேண்டும். இனி அவர்கள் 3:2 என்று பிரித்துக்கொள்ளப்போகிறார்கள். மூத்தவரின் பங்கு பத்தில் ஐந்திலிருந்து ஐந்தில் மூன்றுக்கு, அதாவது பத்தில் ஆறுக்கு உயர்கிறது. அவர் பெறுவது பத்தில் ஒன்று. இளையவர் பத்தில் இரண்டிலிருந்து பத்தில் நான்குக்கு உயர்கிறார். அவர் பெறுவது பத்தில் இரண்டு. ஆதாய விகிதம் 1:2. ஆகவே 8.1-இல் மூத்தவர் 2.7, இளையவர் 5.4.

இளையவருக்கு இது அதிர்ச்சியாக இருந்தது. “எனக்கு இருப்பதே சின்னப் பங்கு, நான் ஏன் அதிகம் கொடுக்க வேண்டும்?” என்று கேட்டார். பழைய விகிதப்படி 5:2 என்று பிரித்திருந்தால் அவருக்கு 2.31 தான் வந்திருக்கும், மூத்தவருக்கு 5.79. ஆனால் உங்கள் பங்கில் மூன்றில் இரண்டு பகுதியை எடுத்துக்கொள்பவர் அவர். பழைய பங்கின் அளவு இங்கே எதையும் தீர்மானிப்பதில்லை, புதிதாகப் பெற்றதே தீர்மானிக்கிறது. புதிய விகிதத்தை அவர்கள் பேசாமல் விட்டிருந்தால் மட்டுமே 5:2 சரியாக இருந்திருக்கும்.

பணம் கைமாறாமல் கணக்கிலேயே இது முடிகிறது. மூத்தவரின் மூலதனக் கணக்கில் 2.7 பற்று, இளையவரின் கணக்கில் 5.4 பற்று, உங்கள் கணக்கில் 8.1 வரவு. இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம். முழு 27-ஐயும் புத்தகத்தில் ஏற்றி 5:3:2-இல் மூவருக்கும் வரவு வைத்து, உடனே அவர்கள் இருவரிடமும் 3:2-இல் பற்று வைத்து நீக்கினால் மூத்தவருக்கு 13.5 வந்து 16.2 போகும், இளையவருக்கு 5.4 வந்து 10.8 போகும், உங்களுக்கு 8.1 வந்தபடியே நிற்கும். விடை மாறவில்லை. முடிந்த பிறகு குட்வில் என்ற சொத்து இருப்புநிலைக் குறிப்பில் தங்கக்கூடாது. தானாக வளர்ந்த குட்வில்லைச் சொத்தாகக் காட்டக்கூடாது என்று சர்வதேசக் கணக்கியல் தரம் 38 சொல்கிறது.

இப்போது உங்கள் கணக்கின் முழு வடிவம்:

மூலதனம் புத்தகப்படி: 18.0
பொதுக் காப்பில் பங்கு: + 2.1
மறுமதிப்பீட்டில் பங்கு: + 2.4
பழைய குட்வில் நீக்கம்: − 1.5
குட்வில் பங்கு, மற்ற இருவரிடமிருந்து: + 8.1
சேர வேண்டியது: 29.1

மூத்தவருக்கு 35-இல் 2.7 போக 32.3. இளையவருக்கு 14-இல் 5.4 போக 8.6. உங்களுடைய 29.1-ஐயும் சேர்த்தால் 70. ஓரமாகக் குறித்துவைத்த அதே எண். குட்வில் மூவருக்குள் இடம் மாறியதே தவிர, தொழிலின் சொத்து ஒரு பைசாவும் கூடவோ குறையவோ இல்லை. கூட்டுத்தொகை 70 வரவில்லை என்றால் எங்கோ ஒரு பதிவு தவறு. அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஆனால் கணக்கில் 29.1 என்று எழுதுவதும், அதைப் பணமாகக் கொடுப்பதும் வேறு வேறு. வங்கியில் இருப்பது 7. கட்டடத்தை விற்றால் தொழிலே நின்றுவிடும், அப்போது குட்வில்லுக்கும் மதிப்பு இருக்காது. ஆகவே இப்போது 5.1 கையில், மீதி 24 உங்கள் பெயரில் கடன் கணக்குக்கு மாறும். ஆண்டுக்கு 6 வீதம் நான்கு தவணை, நிலுவையின் மீது 8 சதவீத வட்டி என்று அவர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் ஆண்டு வட்டி 1.92, பிறகு 1.44, 0.96, 0.48. நான்கு ஆண்டுகளில் வட்டியாக மொத்தம் 4.8.

வட்டியை எழுதி வாங்கிக்கொள்வது ஏன் முக்கியம் என்றால், எழுதாவிட்டால் சட்டம் தன் விகிதத்தைப் போடும். இங்கிலாந்தின் 1890-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்திலும், இந்தியாவின் 1932-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஒரே மாதிரியான ஏற்பாடு இருக்கிறது: வேறு ஒப்பந்தம் இல்லாமல், கணக்கு முடியாமல் மற்றவர்கள் தொழிலைத் தொடர்ந்தால், விலகியவர், தன் சொத்தைப் பயன்படுத்தி அவர்கள் ஈட்டிய லாபத்தின் பங்கையோ அல்லது வட்டியையோ கேட்கலாம். வட்டி முன்னதில் 5 சதவீதம், பின்னதில் 6 சதவீதம். லாபத்தின் பங்கைக் கேட்பது கேட்க நன்றாக இருக்கும். எந்த லாபம் உங்கள் பணத்தால் வந்தது, எது அவர்களின் உழைப்பால் வந்தது என்று பிரித்து நிரூபிப்பது மட்டும் நீண்ட சண்டையாகிவிடும். 8 சதவீதம், தேதியோடு, எழுத்தில் என்பது நல்ல ஏற்பாடு.

அந்த 24-ஐப் பொறுத்தவரை நீங்கள் இனி கூட்டாளி இல்லை, கடன் கொடுத்தவர். லாபம் கூடினாலும் உங்களுக்குக் கூடாது, குறைந்தாலும் வட்டி குறையாது. ஆனால் தொழில் மூழ்கினால் மற்ற கடன்காரர்களோடு நீங்களும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கலாம். இளையவரின் மூலதனம் 8.6-ஆகக் குறைந்திருப்பதை மறுபடி பாருங்கள். அவர் ஆண்டுதோறும் அதிகம் எடுக்க ஆரம்பித்தால் உங்கள் தவணைக்கான பணம் குறையும். அதனால், கடன் முடியும்வரை கூட்டாளிகள் எடுக்கும் தொகைக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும், ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே தர வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளை விலகல் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் பத்திரத்தில் இருக்கிறது. நீங்கள் விலகும் நாள்வரை ஏற்பட்ட 15 கடனை அவர்கள் இருவருமே தீர்ப்பார்கள் என்ற உறுதிமொழி. உங்களுக்குள் அது செல்லும். ஆனால் கடன் கொடுத்தவர்கள் தாங்களும் அதற்குச் சம்மதித்தால் ஒழிய, பழைய கடனுக்காக உங்களைக் கேட்கும் உரிமை அவர்களுக்குப் போவதில்லை. பெரிய நிலுவை உள்ளவர்களிடம் சம்மதக் கடிதம் வாங்கிவிடுவோம். நீங்கள் விலகியதை வெளியில் முறைப்படி அறிவிக்கும் வரை புதிய கடன்களும் உங்கள் மேல் வரலாம் என்பதால், அறிவிப்பைக் கையெழுத்தான நாளிலேயே கொடுப்பது நல்லது.

குட்வில்லுக்கு 8.1 வாங்கிக்கொண்ட பிறகு பழைய வாடிக்கையாளர்களை உங்கள் பக்கம் அழைக்கக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். 1896-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஒரு வழக்கில் இதைத் தெளிவாக்கியது: குட்வில்லை விட்டுக்கொடுத்தவர் அதே தொழிலைத் தனியாக நடத்தலாம், ஆனால் பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர்களைத் தேடிச் சென்று அழைக்கக்கூடாது. விலை வாங்கிய பொருளை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்வது போலாகும் என்பதே காரணம். உங்கள் மகன் இதே துறையில் தொடங்க நினைப்பதாகச் சொன்னீர்கள். அவருக்கு நீங்கள் யாரையாவது அறிமுகப்படுத்துவதாக இருந்தால், பத்திரத்தில் இதைப் பற்றிய வாசகத்தை வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

வரியை இந்தக் கடிதத்தில் நான் தொடவில்லை. 29.1-இல் மூலதனம் எவ்வளவு, குட்வில் எவ்வளவு என்ற பிரிவு அங்கேயும் தேவைப்படும் என்பதால் மேலே காட்டிய ஆறு வரிகளையும் தனித்தனியாகப் பத்திரத்தில் எழுதியிருக்கிறேன். ‘முழுத் தீர்வாக 29.1’ என்று ஒரே தொகையாக யாராவது சுருக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

இத்துடன் மதிப்பீட்டாளரின் அறிக்கை, மூன்று ஆண்டுகளின் லாப நட்டக் கணக்கு, வராக்கடன் பட்டியல், விலகல் பத்திரத்தின் வரைவு ஆகியவற்றை அனுப்புகிறேன். லாப நட்டக் கணக்கில் நிலம் விற்ற 4 எந்த வரியில் இருக்கிறது என்று பென்சிலால் குறித்திருக்கிறேன். கையெழுத்துக்கு முன் நாம் ஒருமுறை உட்கார்ந்து பேச வேண்டும். அப்போது கூட்டாண்மை ஒப்பந்தத்தின் உங்கள் பிரதியைக் கொண்டுவாருங்கள், குட்வில் பற்றிய பிரிவுக்குப் பிறகு எப்போதாவது திருத்தம் எழுதப்பட்டிருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பார்த்துவிடலாம்.

தங்கள் உண்மையுள்ள,
கணக்காளர்